பெரிதாக்கிய படத்தில் கட் அவுட் ஓரம் ஏன் பல்லிளிக்கிறது?

திருமண வரவேற்பு ஃபிளெக்ஸுக்காக மணமக்களின் படத்தைப் பின்னணி நீக்கி எடுத்தாயிற்று. ஃபோன் திரையில் பார்த்தபோது ஓரமெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. நான்கு மடங்கு பெரிதாக்கி அச்சுக்கு அனுப்பினால், முகம் சுமாராகத் தேறிவிடுகிறது. ஆனால் தோள்பட்டையில் படிப்படியாகப் பற்கள், காதோரம் மெழுகு உருகினாற்போல ஒரு குழைவு, தலைமுடியைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. ஒரே படத்தை ஒரே அளவுக்குத்தானே பெரிதாக்கினோம், முகம் தப்பிக்கும்போது ஓரம் மட்டும் ஏன் கெடுகிறது? பலரும் பெரிதாக்கும் மென்பொருளைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை, அதற்கு முந்தைய படியில் இருக்கிறது.

## கையில் இருப்பது இரண்டு படங்கள்

கட் அவுட் என்று நாம் சொல்லும் கோப்பில் இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று நிறங்கள் உள்ள புகைப்படம். இன்னொன்று மாஸ்க். இது வெறும் கறுப்பு வெள்ளைப் படம். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு இருக்கும். 255 என்றால் அந்த இடம் முழுதாகத் தெரியும், 0 என்றால் முழுதாக மறையும். இடைப்பட்ட சாம்பல் மதிப்புகள் பாதி தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இடங்களைக் குறிக்கின்றன. முடியின் நுனியும் துணியின் ஓரமும் இந்தச் சாம்பல் மதிப்புகளை நம்பித்தான் இருக்கின்றன.

ஃபோட்டோஷாப்பில் இது லேயர் மாஸ்க்காகத் தனியே தெரியும். பின்னணி நீக்கிய PNG கோப்பில் ஆல்ஃபா என்ற நான்காவது தடமாக உள்ளே இருக்கும். எப்படி இருந்தாலும், புகைப்படத்தில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறதோ அதே நுணுக்கம் மாஸ்க்கிலும் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டுக்கும் பிக்சல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கலாம். ஆனால் மாஸ்க் ஒரு சின்னப் படத்திலிருந்து இழுத்து நீட்டப்பட்டதாக இருந்தால், அந்த எண்ணிக்கை வெறும் கணக்குதான்.

## நான்கு மடங்கு என்று நினைத்தது இருபது மடங்கான கதை

தானாகப் பின்னணி நீக்கும் கருவிகள் பல, முழுப் படத்தையும் அப்படியே பார்ப்பதில்லை. முதலில் படத்தைச் சிறிதாக்கி, அந்தச் சிறிய அளவில் மாஸ்க்கைக் கண்டுபிடித்து, பிறகு அதைப் படத்தின் அளவுக்கு நீட்டிக்கொள்கின்றன. இலவசக் கருவிகளில் பரவலாகப் பயன்படும் U²-Net என்ற ஏஐ மாதிரியைப் பொறுத்தவரை அந்தச் சிறிய அளவு 320×320 பிக்சல். படம் நெட்டையா குட்டையா என்று பாராமல் அந்தச் சதுரத்துக்குள் அமுக்கிவிடும்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். மூலப் படம் 1200×1600 பிக்சல், அச்சாக வேண்டியது 6 அடிக்கு 8 அடி ஃபிளெக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

1. 1200×1600 படம் 320×320 ஆகச் சுருங்கும்போது, மாஸ்க்கின் ஒரு கட்டம் மூலப் படத்தில் 3.75 பிக்சல் அகலத்தையும் 5 பிக்சல் உயரத்தையும் மூடுகிறது. அதற்குள் என்ன வளைவு இருந்தாலும் மாஸ்க்குக்குத் தெரியாது.
2. பிறகு நாம் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி 4800×6400 ஆக்குகிறோம். இப்போது மாஸ்க்கின் ஒரு கட்டம் 15 பிக்சல் அகலம், 20 பிக்சல் உயரம். புகைப்படம் நான்கு மடங்கு நீண்டிருக்கிறது. மாஸ்க்கோ அகலத்தில் பதினைந்து மடங்கும் உயரத்தில் இருபது மடங்கும் நீண்டிருக்கிறது.
3. 6 அடி அகலம் என்பது 72 அங்குலம். 4800 பிக்சலை அதில் பரப்பினால் அங்குலத்துக்குச் சுமார் 67 பிக்சல். ஒரு பிக்சல் சுமார் 0.4 மில்லிமீட்டர். மாஸ்க்கின் ஒரு கட்டத்தின் உயரம் 7.6 மில்லிமீட்டர்.

நல்ல கண்பார்வைக்கு 3 மீட்டர் தூரத்தில் சுமார் 0.9 மில்லிமீட்டரும், 10 மீட்டரில் சுமார் 3 மில்லிமீட்டரும்தான் பிரித்தறியும் எல்லை. ஆகவே புகைப்படத்தின் பிக்சல்கள் 3 மீட்டரிலேயே கண்ணுக்குத் தட்டுப்படாது. 7.6 மில்லிமீட்டர் கட்டமோ மண்டப வாசலில், 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் தெரியும். முகம் தப்பித்து ஓரம் மாட்டிக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

தோள்பட்டையில் அதிகமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. படுக்கைவாட்டில் லேசாகச் சரியும் கோட்டில் ஒவ்வொரு படியும் நீளமாகிவிடும். ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் 20 பிக்சல் உயரப் படி 100 பிக்சல் நீளம் ஓடும், அச்சில் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர். நாற்பத்தைந்து டிகிரி சாய்ந்த முழங்கை ஓரத்தில் படிகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் கண் அதை மன்னித்துவிடும்.

## பற்களா, குழைவா?

நோயைப் பார்த்துத்தான் மருந்து. மாஸ்க் கெட்டுப்போவதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மாஸ்க்கில் சாம்பலே இல்லாமல் 0, 255 என்ற இரண்டு மதிப்புகள் மட்டும் இருந்தால், பெரிதாக்கும்போது பற்கள் வரும். Magic Wand போன்ற கருவியில் Anti-alias குறியை எடுத்துவிட்டு வெட்டுவது, GIF ஆகச் சேமிப்பது, பெரிதாக்கும்போது Nearest Neighbor முறையைத் தேர்ந்தெடுப்பது, இவையெல்லாம் இதில்தான் கொண்டுபோய் விடும்.

சாம்பல் மதிப்புகள் இருந்தும் மாஸ்க் சின்னதாக இருந்திருந்தால் பற்கள் வராது, குழைவு வரும். ஓரம் அலையலையாக ஓடும். விரல்களுக்கு இடையே உள்ள இடைவெளி அடைந்துபோகும். ஜிமிக்கி கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

எது என்று தெரிந்துகொள்ள, ஃபோட்டோஷாப்பில் Alt விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறு படத்தைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் தனியாகத் திரையில் வரும். 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் செங்குத்தாக முட்டிக்கொண்டு நின்றால் பற்கள். அகலமான சாம்பல் பட்டை வளைந்து நெளிந்து ஓடினால் குழைவு.

## பற்கள் சிறிதாக இருந்தால்: மங்கலாக்கி இறுக்குவது

மாஸ்க் மூலப் படத்தின் முழு அளவிலேயே வெட்டப்பட்டு, அதன் பிறகு நான்கு மடங்கு ஆகியிருந்தால், ஒரு பல்லின் உயரம் 4 பிக்சல்தான். இதற்கு எளிய வழி இருக்கிறது. மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Gaussian Blur கொடுங்கள், Radius 4. பல்லின் உயரமும் இந்த எண்ணும் ஒன்றாக இருப்பது தொடங்குவதற்கு நல்ல இடம். இப்போது ஓரம் முழுவதும் சுமார் 10 பிக்சல் அகலச் சரிவாக மாறியிருக்கும். பிறகு மாஸ்க்கின்மேலேயே Levels திறந்து, இடது முனையை 90க்கும் வலது முனையை 165க்கும் நகர்த்துங்கள். 10 பிக்சல் சரிவு ஏறத்தாழ 3 பிக்சலாக இறுகிவிடும்.

இது ஏன் வேலை செய்கிறது? மங்கலாக்கும்போது பல்லின் மேடும் பள்ளமும் கலந்து சராசரியாகிவிடுகின்றன. அந்தச் சரிவில் பாதி மதிப்பு, அதாவது 128 இருக்கும் இடங்களைக் கோடாக இணைத்தால், பற்களின் நடுவே ஓடும் வழுவழுப்பான கோடு கிடைக்கும். Levels அந்தக் கோட்டைச் சுற்றியுள்ள மெல்லிய பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கறுப்பாகவும் வெள்ளையாகவும் தள்ளிவிடுகிறது. இரண்டு முனைகளையும் சேர்த்து இடப்பக்கம் நகர்த்தினால் உருவம் கொஞ்சம் பருக்கும், வலப்பக்கம் நகர்த்தினால் மெலியும். பின்னணி நிறம் ஓரத்தில் ஒட்டியிருந்தால் ஒரு பிக்சல் மெலிய விடுவது நல்லது.

இந்த முறைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. மங்கல் அகலத்தைவிட மெல்லியதாக இருக்கும் எதுவும், தனி முடி, மூக்குக்கண்ணாடிக் கம்பி, மாலையின் நார், காணாமல் போய்விடும். சட்டைக் காலரின் கூரான முனையும் மழுங்கும். இன்னொன்று, மேலே பார்த்த நீண்ட படிகள். 4 பிக்சல் உயரமும் 40 பிக்சல் நீளமும் உள்ள படியை Radius 4 கரைத்துவிடாது, லேசான அலையாக மாற்றும், அவ்வளவுதான். அதற்காக Radius எண்ணை 20க்கு ஏற்றினால் காது மடல் உருண்டையாகிவிடும். அந்த இடங்களில் மாஸ்க்கைத் தடவிக்கொண்டிருப்பதைவிட Pen Tool எடுத்துப் புதுக் கோடு போடுவதே வேகம். தோள்பட்டை, வேட்டிக் கரை, நாற்காலியின் கை போன்ற வழுவழுப்பான ஓரங்களுக்கு நான்கைந்து புள்ளிகள் போதும். Pen Tool கோடு பிக்சலால் ஆனதல்ல என்பதால் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் பல் வராது.

## குழைந்த மாஸ்க்குக்கு: மூலப் படத்துக்குத் திரும்புவது

நம் கணக்கில் வந்த 20 பிக்சல் கட்டத்துக்கு மங்கலாக்கி இறுக்குவது உதவாது. அந்த மாஸ்க்கில் இல்லாத தகவலை மாஸ்க்கைப் பிசைந்து வரவைக்க முடியாது. ஆனால் தகவல் வேறோரிடத்தில் இருக்கிறது. பின்னணியோடு இருக்கும் மூலப் புகைப்படத்தில் தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பது 1200×1600 நுணுக்கத்தில் பதிவாகியிருக்கிறது. அந்தப் படத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு முரட்டு மாஸ்க்கைச் செதுக்குவதுதான் சரியான வழி.

இந்த யோசனைக்குப் பின்னால் அறியப்பட்ட ஆய்வுகள் உள்ளன. சிறிய அளவில் கிடைத்த விடையை, பெரிய படத்தைப் பார்த்துக்கொண்டே நீட்டும் முறையை 2007இல் ஒரு குழு வெளியிட்டது. 2010இல் கைமிங் ஹே, ஜியான் சன், சியாவோவு டாங் மூவரும் கைடட் ஃபில்டரை அறிமுகப்படுத்தினார்கள். படத்தின்மேல் ஒரு சிறு சதுரத்தை வைத்து, அதற்குள் எந்த நிறம் உள்ளே சேர்ந்தது, எந்த நிறம் வெளியே சேர்ந்தது என்பதை முரட்டு மாஸ்க்கிடமிருந்து தெரிந்துகொள்வதுதான் அதன் வேலை. அப்படிக் கிடைத்த விதியைச் சதுரத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பிக்சலுக்கும் பொருத்தும். கறுப்பு முடி உள்ளே, வெளிர் சுவர் வெளியே என்று தெரிந்துவிட்டால், முரட்டு மாஸ்க் கவனிக்காத ஒரு முடிக்கற்றையும் உள்ளே வந்துவிடும்.

இதைப் பெரிதாக்கிய படத்தில் செய்யாமல் மூலப் படத்தின் அளவிலேயே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரிதாக்கியதால் ஓரத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவரப் போவதில்லை. வேலை மட்டும் பதினாறு மடங்கு ஆகும். ஏற்கெனவே பெரிதாக்கி டிசைனும் முடித்துவிட்டீர்கள் என்றாலும் பாதகமில்லை. மூல அளவில் மாஸ்க்கைச் சரிசெய்து, அதையும் அதே நான்கு மடங்கு பெரிதாக்கி, பழைய லேயர் மாஸ்க்கின் இடத்தில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். நடுவில் படத்தை வெட்டியிருந்தால் மட்டும் அதே வெட்டை மாஸ்க்குக்கும் கொடுக்க வேண்டும்.

பைத்தானில் `opencv-contrib-python` இருந்தால் இவ்வளவுதான்:

```
import cv2
I = cv2.imread("photo.jpg")
m = cv2.imread("mask.png", 0)
h, w = I.shape[:2]
m = cv2.resize(m, (w, h), interpolation=cv2.INTER_LINEAR)
a = cv2.ximgproc.guidedFilter(I, m, 10, 6.5)
k = cv2.getStructuringElement(cv2.MORPH_ELLIPSE, (21, 21))
a[cv2.erode(m, k) > 240] = 255
a[cv2.dilate(m, k) < 15] = 0
cv2.imwrite("mask_fine.png", a)
```

இதில் 10 என்பது சதுரத்தின் மையத்திலிருந்து விளிம்புவரை உள்ள தூரம். நம் கட்டத்தின் உயரம் 5 பிக்சல் என்பதால் இரண்டு கட்டம் எட்டும்படி வைத்திருக்கிறது. 6.5 என்பது எவ்வளவு சிறிய நிற வேறுபாட்டை ஓரமாக மதிப்பது என்பதற்கான எண். குறைத்தால் முடியை நெருக்கமாகத் தொடரும், கூடவே ஜேபெக் சுருக்கத்தால் வந்த புள்ளிகளையும் தொடரும். கூட்டினால் அமைதியாக இருக்கும், ஆனால் முடி கழுவிவிட்டதுபோல மங்கும்.

மாஸ்க்கைப் பூட்டும் கடைசி வரிகளை விட்டுவிடக் கூடாது. ஃபில்டருக்கு நிறம் மட்டும்தான் தெரியும். கட்டம் போட்ட புடவையில் வெளிர்க் கட்டம் சுவரின் நிறத்தில் இருந்தால், அதையும் வெளியே சேர்த்துப் புடவையில் ஓட்டை போட்டுவிடும். அதனால் ஓரத்திலிருந்து 10 பிக்சல் உள்ளே இருப்பதைக் கட்டாயமாக 255 என்றும், 10 பிக்சல் வெளியே இருப்பதைக் கட்டாயமாக 0 என்றும் பூட்டிவிட்டு, நடுப்பட்டையில் மட்டும் ஃபில்டரின் பேச்சைக் கேட்கிறோம். உள்ளே, வெளியே, தெரியாது என்ற இந்த மூன்று பிரிவுக்கு ட்ரைமேப் என்று பெயர்.

நிரல் எழுதாதவர்களுக்கு ஃபோட்டோஷாப்பின் Select and Mask இதே காரியத்தைச் செய்கிறது. அங்கே Refine Edge Brush கொண்டு தடவும் பட்டைதான் ‘தெரியாது’ பகுதி. முடியில் மட்டும் தடவுங்கள், சட்டை ஓரத்தில் தடவாதீர்கள். தெளிவான ஓரத்தில் தடவினால் அது பஞ்சுபோல ஆகிவிடும்.

எந்த முறைக்கும் அடங்காத ஒன்று வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை வேட்டி. இரு பக்கமும் ஒரே நிறமாக இருந்தால் வழிகாட்டியாக வைத்த படத்திடமே பதில் இல்லை. அங்கே மீண்டும் Pen Tool.

## ஓரத்தில் ஒட்டிக்கொண்ட பழைய சுவர்

மாஸ்க் சரியான பிறகும் முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு நிற்கும். இதற்கு மாஸ்க் பொறுப்பல்ல, நிறம்தான் பொறுப்பு. ஓரத்துப் பிக்சலின் நிறம் எப்போதும் ஒரு கலவை:

```
C = αF + (1 − α)B
```

C படத்தில் தெரியும் நிறம், F முடியின் உண்மை நிறம், B பழைய பின்னணி, α மாஸ்க்கின் மதிப்பு 0 முதல் 1 வரை. முடியின் வெளிச்ச அளவு 30, சுவர் 230, α பாதி என்றால் படத்தில் பதிவானது 130, ஒரு சாம்பல். இதை வெளிச்ச அளவு 40 உள்ள அடர் மெரூன் பின்னணியில் வைத்தால் 85 வரும். வர வேண்டியதோ 35. அந்த வித்தியாசம்தான் வெள்ளைக் கோடு. மூலப் படத்தில் 2 பிக்சலாக இருந்தது, நான்கு மடங்கில் 8 பிக்சலாகி உருவத்தைச் சுற்றி ட்யூப்லைட் போட்டதுபோல நிற்கிறது.

சுவரின் நிறம் தெரியும் என்பதால் கணக்கைத் திருப்பிப் போடலாம். 130இலிருந்து சுவரின் பங்கான 115ஐக் கழித்தால் 15, அதைப் பாதியால் வகுத்தால் 30. முடியின் உண்மை நிறம் திரும்பிவிட்டது. α மிகவும் சிறிதாக இருக்கும் இடங்களில் இந்த வகுத்தல் தப்பான நிறங்களைக் கொட்டும். அதனால் நடைமுறையில், உள்ளே இருக்கும் தெளிவான நிறத்தை ஓரத்துக்கு இழுத்துப் பூசுகிறார்கள். Select and Mask பகுதியில் Decontaminate Colors செய்வது இதைத்தான். அது பிக்சலின் நிறத்தையே மாற்றுகிறது என்பதால் விடையைப் புது லேயரில்தான் தரும். கையால் செய்ய வேண்டுமானால், உருவத்தின்மேல் புது லேயர் வைத்து, அதைக் கீழ் லேயரோடு கிளிப் செய்து, பக்கத்து முடியின் நிறத்தை Alt அழுத்தி எடுத்து மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்தில் பூசலாம்.

வெள்ளைக்குப் பதில் கறுப்புக் கோடு வந்தால் காரணம் வேறு. PNG கோப்பில் முழுக்க மறைந்திருக்கும் பகுதிக்கும் ஏதோ ஒரு நிறம் எழுதப்பட்டிருக்கும், பல நேரம் கறுப்பு. `cv2.resize` நான்கு தடங்களையும் தனித்தனியாக நீட்டும் என்பதால், மறைந்திருந்த அந்தக் கறுப்பு ஓரத்துக்குள் கசிந்துவிடும். நிறங்களை ஆல்ஃபாவால் பெருக்கிவிட்டு நீட்டி, பிறகு வகுத்தால் கசியாது. அல்லது பின்னணியோடு உள்ள முழுப் படத்தையும் மாஸ்க்கையும் தனித்தனியே நீட்டி, கடைசியில் சேர்த்தால் போதும்.

## அச்சுக்கு அனுப்பும் முன்

மாஸ்க் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதைப் புகைப்படம்தான் சொல்லும். நான்கு மடங்கு பெரிதாக்கிய படத்தில் கண் இமையும் சட்டைப் பட்டனும் 4, 5 பிக்சல் மங்கலோடுதான் இருக்கும். அதைச் சுற்றி 1 பிக்சல் கூர்மையில் ஓரம் வைத்தால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும். உருவத்துக்குள்ளேயே நன்றாக ஃபோகஸ் ஆன ஒரு ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அது எத்தனை பிக்சலில் மாறுகிறதோ அதே அகலத்துக்கு மாஸ்க்கின் Levels முனைகளை வையுங்கள்.

அப்புறம் உருவத்துக்குக் கீழே கறுப்பு, வெள்ளை, அடர் சிவப்பு என்று மூன்று லேயர்களை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். கறுப்பில் வெள்ளைக் கோடு காட்டிக்கொடுக்கும், வெள்ளையில் கறுப்புக் கசிவு காட்டிக்கொடுக்கும். சிவப்பில், உடம்புக்குள்ளே 255க்குப் பதில் 245 என்று நிற்கும் இடங்கள் லேசாகச் சிவந்து தெரியும். வெளியே 5, 10 என்று மிச்சமிருக்கும் தூசி சாதாரணமாகக் கண்ணில் படாது, அச்சில் ஆள் நிழல்போல விழும். மாஸ்க்கை மட்டும் திரையில் வைத்து, Levels வலது முனையைத் தற்காலிகமாக 20க்கு இழுத்தால் அத்தனையும் சாம்பலாக எழுந்து நிற்கும். பார்த்துவிட்டு Cancel கொடுங்கள், இடது முனையை 12 வாக்கில் வைத்து அந்தத் தூசியைத் துடையுங்கள்.

மூலப் படம் கையில் இல்லை, முடியும் மாஸ்க்கில் குழைந்துவிட்டது என்றால், முடியைச் சுற்றி 3, 4 பிக்சல் உள்ளே தள்ளி ஓரத்தை வெட்டிவிட்டு, முடியின் நிறத்தில் 3 பிக்சல் பிரஷ்ஷால் முடி வாகிலேயே பத்துப் பதினைந்து இழைகளை வரைவதுதான் மிச்சமிருக்கும் வழி. அதற்கு முன் படத்தை அனுப்பியவரிடம் கேமராவிலிருந்து வந்த கோப்பை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் ஃபோனில் அது இருக்கும், மேலே சொன்ன பாதி வேலை தேவைப்படாது.